இரண்டாவது கேள்வியில் தடுமாறும் சாட்பாட்

வணக்கம் நண்பர்களே. கடையின் ரிட்டர்ன் விதிகளைச் சிறு துண்டுகளாக்கி, ஒவ்வொன்றையும் எம்பெடிங் வெக்டராக மாற்றி `pgvector`-இல் வைத்திருக்கிறேன். கேள்வியும் வெக்டராகி, அதற்கு மிக நெருக்கமான 4 துண்டுகள் மாடலுக்குப் போகும்.

"மிக்ஸியைத் திருப்பித் தரலாமா?" என்றால் சரியான பதில். அடுத்து "பில் இல்லை என்றால்?" என்று கேட்டால் சொதப்பல். லாக்கைப் பார்த்தேன்: அந்த மூன்று சொல் மட்டுமே தேடலுக்குப் போய், பணம் கட்டும் முறைகள் பற்றிய துண்டுகள் வந்திருக்கின்றன. பொருத்தமே இல்லாவிட்டாலும் 4 வந்துவிடுமே!

முந்தைய பேச்சோடு சேர்த்து, கேள்வியை மாடலை வைத்தே முழுமையாக்கித் தேடினால் சரியாகிறது. ஆனால் ஒவ்வொரு பதிலும் ஒரு நொடிக்கு மேல் தாமதம். பழைய கேள்வியை அப்படியே ஒட்டித் தேடினால், பேச்சு ஃபிரிட்ஜுக்கு மாறியபின்னும் மிக்ஸிதான் வருகிறது.

தொடர்கேள்வியை மட்டும் கண்டுபிடித்துத் திருத்த எளிய வழி உண்டா? நீங்கள் எப்படிச் செய்கிறீர்கள்?