டிவி பணத்தைச் சமமாகப் பிரித்தும் சின்ன கிளப் ஏன் மேலே நிற்க முடியவில்லை?

குடந்தை ரசிகன்:
இங்கிலாந்து பிரீமியர் லீக் கால்பந்தில் ஒளிபரப்புப் பணம் ஓரளவு சமமாகத்தான் பிரிகிறது என்று எல்லோரும் சொல்கிறார்கள். ஆனால் 2023-24, 2024-25 இரண்டு சீசனிலும், கீழ் லீகிலிருந்து மேலே ஏறி வந்த மூன்று அணிகளும் அதே சூட்டோடு கீழே போய்விட்டன. அப்படியானால் பங்கீட்டில் எங்கே கோளாறு?

வெண்ணாற்றங்கரை (தஞ்சாவூர்):
இருபது அணிகளுக்குள் பெரிய கோளாறு இல்லை தம்பி. உள்நாட்டு டிவி பணத்தில் பாதி எல்லோருக்கும் ஒரே அளவு. கால்பங்கு, சீசன் முடியும்போது எந்த இடத்தில் நிற்கிறார்களோ அதைப் பார்த்து. மீதிக் கால்பங்கு, யாருடைய ஆட்டத்தை எத்தனை முறை நேரலையாகக் காட்டினார்கள் என்பதைப் பார்த்து. வெளிநாட்டில் இருந்து வரும் பணம் 2019 வரை முழுக்கச் சமமாகப் போனது. அதற்கப்புறம் கூடுதலாக வருகிற பகுதியை மட்டும் இடத்தைப் பொறுத்துக் கொடுக்கிறார்கள். எல்லாம் சேர்ந்து, முதல் அணிக்குப் போவது கடைசி அணிக்குப் போவதைப்போல 1.8 மடங்கைத் தாண்டக்கூடாது என்று வரம்பும் உண்டு.

2022-23 கணக்கைப் பாருங்கள். முதலிடம் வந்த மான்செஸ்டர் சிட்டிக்கு சுமார் 17.6 கோடி பவுண்டு. கடைசியில் நின்று கீழே போன சவுத்தாம்ப்டனுக்கு சுமார் 10.4 கோடி. 1.7 மடங்குதான்.

இதை ஸ்பெயினின் பழைய நிலைமையோடு வைத்துப் பாருங்கள். அங்கே 2015 வரை ஒவ்வொரு கிளப்பும் தன் ஆட்டங்களைத் தானே விற்றது. ரியல் மாட்ரிட்டும் பார்சிலோனாவும் ஆளுக்கு வருடம் சுமார் 14 கோடி யூரோ வாங்கின. அடியில் இருந்த கிளப்புகளுக்கு 2 கோடி கூடத் தேறவில்லை. ஏழு மடங்குக்கு மேல் வித்தியாசம். 2015-இல் அரசு அவசரச் சட்டம் போட்டு, எல்லா ஆட்டங்களையும் ஒன்றாகச் சேர்த்து விற்க வைத்த பிறகுதான் அது பாதியாக இறங்கியது.

இங்கிலாந்தில் பள்ளம் இருப்பது 20-ஆவது இடத்துக்கும் 21-ஆவது இடத்துக்கும் நடுவில். சவுத்தாம்ப்டன் 10.4 கோடி வாங்கிய அதே சீசனில், ஒரு படி கீழே சாம்பியன்ஷிப்பில் இருந்த சாதாரண கிளப்புக்கு பிரீமியர் லீக் அனுப்பியது சுமார் 50 லட்சம். தங்கள் லீகின் சொந்த டிவி பணத்தைச் சேர்த்தாலும் அப்போது ஒரு கோடியைத் தொடவில்லை. நம் பக்கத்தில் சொன்னால், கல்லணையில் நின்று பார்க்கும்போது காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய் எல்லாவற்றிலும் தண்ணீர் ஓடுகிறது. கடைமடையில் வயல் வைத்திருப்பவருக்குத்தான் எங்கே நின்றுபோனது என்று தெரியும்.

திருவாரூர் தேரடி:
இவ்வளவு சிக்கல் எதற்கு? ஐபிஎல் மாதிரி செய்தால் முடிந்தது. 2023 முதல் 2027 வரை ஐந்து வருடத்துக்கு ஒளிபரப்பு உரிமை 48,390 கோடி ரூபாய்க்குப் போனது. அதில் அணிகளுக்கு வரும் பங்கை ஏறக்குறைய சமமாகவே பிரிக்கிறார்கள். அதனால்தான் எந்த வருடமும் யார் ஜெயிப்பார்கள் என்று சொல்ல முடியவில்லை. பணத்தைச் சமமாகப் பிரித்தால் ஆட்டமும் சமமாகும், அவ்வளவுதான்.

வெண்ணாற்றங்கரை (தஞ்சாவூர்):
பாதி சரி சார். ஐபிஎல்லில் ஆட்டத்தைச் சமமாக்குவது டிவி பணம் மட்டும் இல்லை, செலவுக்குப் போட்ட பூட்டு. 2025 சீசனுக்கான ஏலத்தில் எந்த அணியும் வீரர்களுக்கு 120 கோடிக்கு மேல் செலவு செய்யக்கூடாது. கையில் ஆயிரம் கோடி இருந்தாலும் அதே 120 தான். அப்புறம், பத்தாவது இடத்தில் முடித்தாலும் அடுத்த வருடம் அதே லீகில்தான் ஆடுவார்கள். கீழே இறங்குகிற பேச்சே கிடையாது.

இங்கிலாந்தில் அந்தப் பூட்டு இல்லை. 2022-23-இல் மான்செஸ்டர் சிட்டியின் மொத்த வருமானம் 71 கோடி பவுண்டுக்கு மேல். லீகின் டிவி பணம் அதில் கால்வாசிதான். மீதி விளம்பரம், டிக்கெட், சாம்பியன்ஸ் லீக் பணம். சின்ன கிளப்புக்கோ டிவி பணம்தான் ஏறக்குறைய முழு வருமானம். ஒரே தொகையை இருவருக்கும் கொடுத்தாலும், ஒருவருக்கு அது மேல்வரும்படி, இன்னொருவருக்கு உலைக்கு அரிசி.

மன்னை செவன்ஸ்:
டிவி என்றதும் எங்கள் கதை ஞாபகம் வந்தது. இரண்டு வருடம் முன்பு, மன்னார்குடிக்குத் தெற்கே ஒரு ஊரில் செவன்ஸ் டோர்னமென்ட். யூடியூப்பில் நேரலை போட ஒரு சேனல்காரர் பணம் கொடுத்தார். அந்தப் பணத்தில் அணிகளுக்கும் பங்கு தருவதாகக் கமிட்டி சொன்னது, ஆனால் லைட் போட்டு ராத்திரி ஆடுகிற அணிகளுக்கு மட்டும். எங்களுக்கு மூன்று ஆட்டமும் காலை ஆறரைக்கு. புல்லில் பனி காயவில்லை, கேமராக்காரர் வண்டியில் தூங்கிக்கொண்டிருந்தார். டவுன் அணிகள் எல்லாம் ராத்திரி. நாங்கள் அரையிறுதிவரை போனோம், பங்கு ஒரு ரூபாய் வரவில்லை. டவுன் அணி முதல் சுற்றிலேயே தோற்றது, அவர்களுக்கு ஜெர்ஸிக்குப் பணம் வந்தது. ஆட்டத்துக்கு யூடியூப் பணத்தை எப்படிக் கேட்டு வாங்குவது என்று யாருக்காவது தெரியுமா?

குடந்தை ரசிகன்:
அண்ணே, நான் கேட்டது இங்கிலாந்து லீக் பற்றி. ஆனாலும் நீங்கள் சொல்வதும் அதே மீதிக் கால்பங்குதானே? யாரை அதிகம் காட்டுகிறார்களோ அவர்களுக்கு அதிகம்.

வெண்ணாற்றங்கரை (தஞ்சாவூர்):
அதேதான். 2015-16-இல் லெஸ்டர் சிட்டி பிரீமியர் லீக் சாம்பியன். டிவி பணம் சுமார் 9.3 கோடி பவுண்டு. இரண்டாவது வந்த ஆர்சனலுக்கு சுமார் 10.1 கோடி. கோப்பை ஒருவரிடம், அதிகப் பணம் இன்னொருவரிடம். காரணம், ஆர்சனல் ஆட்டங்களைத்தான் அதிகம் நேரலையாகக் காட்டினார்கள். லெஸ்டர் ஜெயிக்கும் என்று சீசன் தொடக்கத்தில் எந்தச் சேனலும் எதிர்பார்க்கவில்லை.

இதில் சின்ன அணிகளுக்கு ஒரு பாதுகாப்பு உண்டு. எவ்வளவு குறைவாகக் காட்டினாலும் குறைந்தபட்சம் இத்தனை ஆட்டத்துக்கான கட்டணம் என்று ஒரு தொகை வந்துவிடும். மன்னைத் தம்பி, உங்கள் கமிட்டியிடம் இந்த மாதிரி ஒரு குறைந்தபட்சத் தொகையை முன்கூட்டியே நோட்டீஸில் போடச் சொல்லுங்கள். ஆட்டம் முடிந்த பிறகு கேட்டால் கிடைக்காது.

காரைக்கால் கடற்கரை:
வெண்ணாறு ஐயா பள்ளத்தைச் சொன்னார், பள்ளத்தில் போட்டிருக்கிற மெத்தையைச் சொல்லவில்லை. கீழே இறங்கும் கிளப்புக்கு பாராசூட் பணம் உண்டு. பிரீமியர் லீகில் சமமாகப் பிரிக்கிற பங்கில் முதல் வருடம் 55 சதவீதம், இரண்டாம் வருடம் 45, மூன்றாம் வருடம் 20. ஒரே சீசனில் மேலே போய் உடனே இறங்கினால் இரண்டு வருடம் மட்டும். அந்த உதவி இல்லாவிட்டால், மேலே ஏறுகிற எந்தக் கிளப்பும் துணிந்து வீரர்களை வாங்காது. நான்கு வருட ஒப்பந்தம் போட்ட ஆட்டக்காரருக்கு, அணி இறங்கிவிட்டது என்று சம்பளத்தை நிறுத்த முடியுமா? பாராசூட் இருப்பதால்தான் கிளப்புகள் திவாலாகாமல் நிற்கின்றன.

வெண்ணாற்றங்கரை (தஞ்சாவூர்):
மெத்தை யாருக்கு என்பதுதான் என் கேள்வி. முதல் வருட பாராசூட் ஏறக்குறைய 4.8 கோடி பவுண்டு. அதே சாம்பியன்ஷிப்பில் பக்கத்தில் நிற்கிற கிளப்புக்குப் பிரீமியர் லீக் தருவது 50 லட்சம். விதி போட்டு 1.8 மடங்குக்குள் அடக்கிய வித்தியாசம், ஒரு படி கீழே ஒன்பது பத்து மடங்காக முளைக்கிறது. விழுந்தவரைக் காப்பாற்றக் கொடுத்த பணம், விழாமலே கீழே நிற்பவரை அமுக்குகிறது. பாராசூட் இல்லாத முதலாளி சும்மா இருப்பாரா? கடன் வாங்கிச் சம்பளம் கொடுக்கிறார். சாம்பியன்ஷிப்பில் வருமானத்தைவிடச் சம்பளச் செலவே அதிகமாக உள்ள கிளப்புகள் ஏராளம். ஒரு கிளப் நோய்ப்பட்டிருப்பதைக் கண்டுபிடிக்க அந்த ஒரு வரியைப் பார்த்தால் போதும்.

காரைக்கால் கடற்கரை:
அப்படியானால் லூட்டனை எப்படிச் சொல்வீர்கள்? 2014 வரை முதல் நான்கு டிவிஷனுக்கும் வெளியே ஆடிய அணி. பாராசூட் ஒரு பைசா இல்லாமல் 2023-இல் பிரீமியர் லீகுக்கு ஏறியது. அந்த பிளே-ஆஃப் இறுதி ஆட்டத்தை நான் பார்த்தேன். மே 27, ராத்திரி ஒன்பதே காலுக்கு ஆரம்பம். கரண்ட் போய்விட்டது, மொட்டை மாடியில் நாலு பேர் ஒரே போனைச் சுற்றி உட்கார்ந்திருந்தோம். கேப்டன் லாக்கியர் ஆட்டத்தின் தொடக்கத்திலேயே மைதானத்தில் சரிந்து விழுந்தபோது யாருக்கும் பேச்சு வரவில்லை. கடைசியில் பெனால்டியில் 6-5. கவென்ட்ரியின் கடைசி உதை மேலே பறந்தபோது போனில் 4 சதவீதம் சார்ஜ் இருந்தது.

அடுத்த வருடம் லூட்டன் 18-ஆவது இடம், இறங்கியது. பாராசூட் கையில் வந்தது. அப்படியும் 2024-25-இல் சாம்பியன்ஷிப்பிலிருந்தும் கீழே விழுந்தது! அதே வருடம் பாராசூட் இல்லாத சண்டர்லேண்ட் மேலே போனது. அதற்கு முந்தைய வருடம் இப்ஸ்விச், அதுவும் பாராசூட் இல்லாமல். பணம்தான் எல்லாம் என்றால் இது நடக்கக்கூடாது.

திருவாரூர் தேரடி:
சண்டர்லேண்டே முன்பு பாராசூட் பணம் வாங்கிக்கொண்டு 2018-இல் சாம்பியன்ஷிப்பில் கடைசி இடம் வந்த அணிதான். நிர்வாகம் சரியில்லை என்றால் எத்தனை கோடி கொடுத்தும் என்ன பயன்?

வெண்ணாற்றங்கரை (தஞ்சாவூர்):
ஏறுவதற்கு நிர்வாகமும் பயிற்சியாளரும் போதும், ஒத்துக்கொள்கிறேன். 46 ஆட்டத்தில் ஒரு நல்ல அணி பணக்கார அணியைத் தாண்டிவிடும். குடந்தைத் தம்பி கேட்டது நிற்பதைப் பற்றி. லூட்டன் ஏறியபோது அதன் ஆட்டக்காரர்கள் ஒரு கோடிக்குள் டிவி பணம் வாங்கிய கிளப்பின் ஆட்டக்காரர்கள். எதிரே இருந்த அணிகளில் பல, வருடக்கணக்காக வருடம் பத்து கோடி வாக்கில் வாங்கி, அதை வீரர்களாக, பயிற்சி மைதானமாக மாற்றி வைத்திருந்தவை. மே கடைசியில் ஏறினால் ஆகஸ்டில் முதல் ஆட்டம். இரண்டரை மாதத்தில் அத்தனை வருடத்தை எப்படி ஈடுகட்டுவது? முதல் சீசனின் பணம் முழுதாகக் கைக்கு வந்து சேரும்போது, 38 ஆட்டம் முடிந்திருக்கும்.

குடந்தை ரசிகன்:
அப்போது பிரைட்டன் 2017-இல் ஏறி இன்னும் நிற்கிறதே, பிரென்ட்ஃபோர்ட் 2021-இல் ஏறி நிற்கிறதே?

வெண்ணாற்றங்கரை (தஞ்சாவூர்):
முதல் இரண்டு வருடம் தாக்குப்பிடித்துவிட்டால், அவர்களும் அந்தப் பத்துக் கோடி வட்டத்துக்குள் வந்துவிடுகிறார்கள். அப்புறம் அடுத்து ஏறி வருகிறவருக்கு அவர்களே சுவர். பாராசூட்டை நிறுத்தி, அந்தப் பணத்தைச் சாம்பியன்ஷிப் முழுவதற்கும் பிரித்துக் கொடுக்க வேண்டும் என்பது என் கட்சி.

காரைக்கால் கடற்கரை:
24 கிளப்புக்குப் பிரித்தால் ஆளுக்கு எவ்வளவு தேறும்? அதையும் அவர்கள் சம்பளத்தில்தான் கொட்டுவார்கள். நீங்களே சொன்ன ஐபிஎல் பூட்டு இல்லாமல் பிரிப்பதில் எனக்கு நம்பிக்கை இல்லை ஐயா. முதலில் சம்பளத்துக்கு வரம்பு, அப்புறம் பங்கீடு.

வெண்ணாற்றங்கரை (தஞ்சாவூர்):
வரம்பு வேண்டும், அதில் உங்களோடு இருக்கிறேன். ஆனால் வருமானத்தில் இத்தனை சதவீதம் என்று வரம்பு போட்டால், பாராசூட் வாங்குகிற கிளப்புக்கு வரம்பும் பெரிதாகிவிடும். 5 கோடியில் 70 சதவீதமும் ஒரு கோடியில் 70 சதவீதமும் ஒன்றா?

மன்னை செவன்ஸ்:
ஐயா, நோட்டீஸ் யோசனையைக் கமிட்டித் தலைவரிடம் சொன்னேன். பொங்கல் டோர்னமென்டுக்கு யோசிக்கலாம் என்றார். காலை ஆட்டத்தையும் கேமராவில் எடுப்பார்களா என்று கேட்டேன், அதற்குப் பதில் வரவில்லை.