மாங்கூழ் ஆலையை மொத்தமாக விற்கும்போது நிகர மதிப்பு: விளக்கம் தேவை

வணக்கம். கிருஷ்ணகிரி அருகே பத்தாண்டுகளாக நடக்கும் எங்கள் மாங்கூழ் ஆலையை, தனித்தனி விலை பிரிக்காமல், ஒரே தொகையாக 3 கோடி ரூபாய்க்கு ஸ்லம்ப் சேல் முறையில் 2025-26 நிதியாண்டில் விற்றோம். 1961 வருமான வரிச் சட்டத்தின் 50பி பிரிவுப்படி நான் போட்ட கணக்கு இது: கணக்கேட்டில் 90 லட்சமாக உயர்த்தி எழுதிய நிலத்துக்கு, மறுமதிப்பீட்டை ஒதுக்கி, பழைய 20 லட்சம், இயந்திரங்களுக்கு வருமான வரித் தேய்மானம் போக 60 லட்சம், சரக்கும் வரவேண்டிய பாக்கியும் 70 லட்சம். இதில் கடன்கள் 50 லட்சத்தைக் கழித்தால் நிகர மதிப்பு 1 கோடி. எனவே 2 கோடி நீண்டகால மூலதன ஆதாயம், அதுவும் பணவீக்கச் சரிக்கட்டல் இல்லாமல்.

வழிகாட்டி மதிப்பில் நிலம் மட்டுமே 2.5 கோடி வருவதால், 11யுஏஇ விதியின் நியாயச் சந்தை மதிப்பு 3 கோடியைத் தாண்டி அதுவே விற்பனைத் தொகையாகிவிடுமோ என்பதுதான் என் ஐயம். 3சிஇஏ அறிக்கை தயாரித்த ஆடிட்டர்கள் விளக்க வேண்டுகிறேன்.