சிபிஆர்எஸ் 3680–3700: பகலில் அப்லிங்க் மட்டும் படுத்துவிடுகிறது, பக்கத்து கேரியர் கசிவா?

கிடங்கு_குமரன்:

வணக்கம். டல்லாஸ் புறநகரில் ஒரு கிடங்குக்குத் தனியார் எல்டிஇ நெட்வொர்க் போட்டுக் கொடுத்திருக்கிறோம், அமெரிக்காவில் பலரும் பகிர்ந்துகொள்ளும் சிபிஆர்எஸ் பேண்டில், தனி உரிமம் வாங்காத ஜிஏஏ முறையில். அந்த பேண்டில் சேனல் பங்கிட்டுத் தரும் எஸ்ஏஎஸ் கொடுத்தது 3680 முதல் 3700 வரை ஒரே 20 மெகாஹெர்ட்ஸ் கேரியர். உள்ளே இருக்கும் ரேடியோக்கள் எல்லாம் நன்றாக இருக்கின்றன. லாரி நிற்கும் வெளி முற்றத்துக்காகக் கூரையில் வைத்த இரண்டில்தான் (3, 4 என்று வைத்துக்கொள்ளுங்கள்) தொல்லை. டவுன்லிங்க் 90 எம்பிபிஎஸ் வருகிறது, அப்லிங்க் 0.4 கூடத் தாண்டுவதில்லை. ஸ்கேனரில் பார்கோடு அடித்தால் சக்கரம் சுற்றிக்கொண்டே இருக்கிறது, டிரைவர்கள் ஸ்கேனரைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள்.

ரேடியோவின் கவுன்டரில் அப்லிங்க் இரைச்சல் ஒரு பிஆர்பிக்கு, அதாவது 180 கிலோஹெர்ட்ஸ் துண்டுக்கு, விடியற்காலை 3 மணிக்கு -116 டிபிஎம், காலை 9 மணிக்கு மேல் -97. இரண்டு ரேடியோவிலும் கிட்டத்தட்ட இதே கணக்கு. சுமார் 350 மீட்டரில் ஒரு பெரிய டவர் நிற்கிறது, அதில் செல்போன் நிறுவனத்தின் சி-பேண்ட் 5ஜி ஆன்டெனா இருக்கிறது, அனலைசரில் பார்த்தால் அவர்கள் கேரியர் 3700இல் தொடங்கி 3760 வரை போகிறது. நடுவில் ஒரு மெகாஹெர்ட்ஸ்கூட இடைவெளி இல்லை. எஸ்ஏஎஸ் இதைப் பார்த்துத்தானே சேனல் கொடுத்திருக்க வேண்டும்? எங்கே ஆரம்பிப்பது என்று சொல்லுங்கள்.

மாடி_டிஷ்:

எங்களுக்கும் இதே கதை நடந்தது. மதுரைப் பக்கம் சின்னதாக இன்டர்நெட் சேவை நடத்துகிறோம். ஒரே கம்பத்தில் இரண்டு 5 கிகா டிஷ், ஒன்று சேனல் 149, இன்னொன்று 153. ஒன்று அனுப்பும்போது மற்றது கேட்டுக்கொண்டிருந்தால் அவ்வளவுதான், லிங்க் விழுந்துவிடும். கம்பத்தில் இரண்டுக்கும் நடுவே இடைவெளியைக் கூட்டி, ஜிபிஎஸ் சிங்க் போட்டதும் சரியானது. உங்கள் 3, 4 இரண்டையும் ஒன்றையொன்று பார்க்காமல் திருப்பி வையுங்கள்.

கிடங்கு_குமரன்:

நன்றி அண்ணா, ஆனால் என் இரண்டு ரேடியோவும் ஒரே கேரியரில், ஒரே கடிகாரத்தில் ஓடுகின்றன. ஒன்றை அணைத்தும் பார்த்துவிட்டேன், மற்றதின் இரைச்சல் அசையவில்லை. வெளியிலிருந்துதான் வருகிறது.

சிக்னல்_செல்வம்:

அலைவரிசை விதிகளைப் பார்க்கும் எஃப்சிசியில் புகார் கொடுங்கள். சி-பேண்ட்காரர்கள் தங்கள் பிளாக்குக்கு வெளியே ஒரு மெகாஹெர்ட்ஸுக்கு -13 டிபிஎம்முக்கு மேல் விடக்கூடாது என்று விதி இருக்கிறது. 19 டிபி ஏறுகிறது என்றால் கட்டாயம் மீறுகிறார்கள். அதுவரைக்கும் உங்கள் கேரியரை 10 மெகாஹெர்ட்ஸாகச் சுருக்கி 3680–3690இல் வையுங்கள், நடுவில் 10 மெகாஹெர்ட்ஸ் காலியாகக் கார்ட் பேண்ட் கிடைத்துவிடும், கூடவே ஒரு ஃபில்டர் வாங்கி மாட்டுங்கள். வேலை முடிந்தது.

அலைவரிசை_ஆச்சி:

செல்வம் சொல்லும் விதி சரி, அதிலிருந்து போட்ட முடிவு தவறு. விதிக்குள் இருந்துகொண்டே அவர்கள் உங்களைச் சாகடிக்க முடியும். குமரன், உங்கள் இடத்துக்கே கணக்குப் போட்டுப் பார்ப்போம். 350 மீட்டரில், 3.7 கிகாவில், நேர்ப்பார்வையில் இழப்பு 95 டிபி. அவர்கள் ரேடியோ 200 வாட், அதாவது 53 டிபிஎம் என்று வைத்துக்கொள்கிறேன். அவர்கள் ஆன்டெனா உங்கள் கூரைப் பக்கம் 15 டிபி, உங்கள் ஆன்டெனா 12 டிபி என்பதும் என் ஊகம்தான், உங்களிடம் சரியான எண் இருந்தால் மாற்றிக்கொள்ளுங்கள்.

```
-13 + 15 - 95 + 12 = -81 dBm/MHz
 53 + 15 - 95 + 12 = -15 dBm
```

முதல் வரி, விதி அனுமதிக்கும் உச்சக் கசிவு உங்கள் சேனலுக்குள்ளேயே வந்து விழும் அளவு. உங்கள் ரிசீவரின் சொந்த இரைச்சல் ஒரு மெகாஹெர்ட்ஸுக்கு -109 பக்கம் இருக்கும். ஆக, சட்டத்தை ஒரு இம்மிகூட மீறாமல் 28 டிபி ஏற்ற முடியும். நீங்கள் பார்ப்பது 19தான். புகார் நிற்காது. இன்னொன்று, எஸ்ஏஎஸ் 3550 முதல் 3700 வரைக்கும்தான் காவல்காரர், 3700க்கு மேல் நிற்கும் 5ஜி கேரியர்கள் அதன் கணக்கிலேயே இல்லை. ஜிஏஏவுக்கு இடையூறிலிருந்து பாதுகாப்பு என்று ஒன்றும் கிடையாது. சி-பேண்டின் மேல் முனையில் செயற்கைக்கோள்காரர்களுக்காக 3980–4000 என்று 20 மெகாஹெர்ட்ஸ் கார்ட் பேண்ட் ஒதுக்கினார்கள், கீழ் முனையில் நமக்காக ஒன்றும் விடவில்லை.

இப்போது இரண்டாவது வரியைப் பாருங்கள், எனக்கு அதுதான் கவலை. அவர்கள் கசிவு இல்லை, அவர்கள் முழு கேரியரே உங்கள் ரிசீவர் வாசலில் -15 டிபிஎம்மில் நிற்கிறது. பெரிய பேஸ் ஸ்டேஷன் ரிசீவரைப் பக்கத்துச் சேனல் சோதனையில் -52க்குத்தான் சோதிப்பார்கள். உங்கள் ரிசீவரின் முதல் பெருக்கியான எல்என்ஏ மூச்சுத் திணறி, தானே இரைச்சலை உண்டாக்கிக்கொண்டிருக்கலாம். கவுன்டரில் கசிவும் இதுவும் ஒரே மாதிரிதான் தெரியும். ஆனால் மருந்து வேறு வேறு. கசிவு உங்கள் சேனலுக்குள்ளேயே இருக்கிறது, நீங்கள் என்ன ஃபில்டர் மாட்டினாலும் உங்கள் சிக்னலோடு சேர்ந்து அதுவும் உள்ளே வரும். திணறலுக்குத்தான் உங்கள் பக்கத்து ஃபில்டர் உதவும்.

பிரித்துப் பார்க்க ஒரு எளிய வழி இருக்கிறது. ஆன்டெனா கேபிளுக்கும் ரேடியோவுக்கும் நடுவே எல்லாப் போர்ட்டிலும் சிக்னலை 10 டிபி குறைக்கும் அட்டென்யுவேட்டர் போடுங்கள். செல்லைப் பூட்டிவிட்டு, அனுப்பும் பவரைக் கீழே இறக்கிவிட்டுச் செய்யுங்கள், இல்லையென்றால் அட்டென்யுவேட்டர் கருகிவிடும். இரைச்சல் சரியாக 10 டிபி இறங்கினால் கசிவு. அதைவிட அதிகமாக இறங்கினால் திணறல்.

கிடங்கு_குமரன்:

இன்று பகலில் கூரையேறிப் போட்டுப் பார்த்தேன், 11 மணிக்கும் 2 மணிக்கும் இரண்டு தடவை.

ரேடியோ 3: -97 இருந்தது -107 ஆனது. ரேடியோ 4: -97 இருந்தது -115. அட்டென்யுவேட்டரைக் கழற்றினால் இரண்டும் பழையபடி -97.

ஒரே கூரை, ஒரே டவர், ஒரே அளவு இரைச்சல், ஆனால் இரண்டு வேறு நோய் போலிருக்கிறதே. ரேடியோ 4 டவரை நேராகப் பார்த்து நிற்கிறது, 3 கொஞ்சம் பக்கவாட்டில், கைப்பிடிச் சுவரின் மூலையில்.

அலைவரிசை_ஆச்சி:

அருமையான அளவீடு. 4 திணறுகிறது. 3இல் முழுக்கக் கசிவு. ஆனால் டவரை நேராகப் பார்க்கும் 4இல் கசிவு 3ஐவிடக் கம்மியாக இருப்பது எனக்குப் பிடிபடவில்லை. அவர்கள் பீம் வடிவத்தில் கேரியர் ஒரு பக்கமும் கசிவு இன்னொரு பக்கமும் போவது நடக்கும், அதனால் இருக்கலாம். உறுதியாகச் சொல்ல மாட்டேன்.

4க்கு: 3700 வரை கடத்தி 3700இலேயே வெட்டும் ஃபில்டர் உலகத்தில் இல்லை. ஃபில்டர் சரிந்து இறங்க இடம் வேண்டும், கார்ட் பேண்ட் உங்களுக்குத் தருவது அந்தச் சரிவுக்கான இடத்தைத்தான். செல்வம் சொன்ன 10 மெகாஹெர்ட்ஸ் திசை சரி, ஆனால் கூரையில் மாட்டும் அளவு சின்ன கேவிட்டி ஃபில்டருக்கு அது போதாது, உங்கள் கேரியர் ஓரத்தையே கடித்துவிடும். 3660–3680க்கு இறங்க முடிகிறதா என்று எஸ்ஏஎஸ்ஸில் கேளுங்கள். கிடைத்தால் 3680 வரை கடத்தும் ஃபில்டர் மாட்டலாம். இறங்கினால் 3க்கும் கொஞ்சம் நல்லது, அவர்கள் பக்க ஃபில்டரும் அந்த 20 மெகாஹெர்ட்ஸில் சரியும்.

அதோடு, உங்கள் ரேடியோவை அணைத்துவிட்டு அனலைசரை 3690இல் ஸீரோ ஸ்பானில் வைத்து, கசிவு எத்தனை மில்லிசெகண்டுக்கு ஒரு முறை நின்று எழுகிறது என்று பாருங்கள். நீங்கள் எந்த டிடிடி கான்ஃபிக், அதாவது டவுன்லிங்க்கும் அப்லிங்க்கும் எந்த வரிசையில் மாறி மாறி வருகின்றன?

கிடங்கு_குமரன்:

கான்ஃபிக் 2. அதாவது `DSUDD`, 5 மில்லிசெகண்டுக்கு ஒரு சுற்று; D டவுன்லிங்க், U அப்லிங்க், S நடுவே மாறும் துண்டு.

ஸீரோ ஸ்பானில் பார்த்தது: மேடு, பள்ளம், மேடு, பள்ளம் என்று சீப்புப் பல் மாதிரி வருகிறது, 2.5 மில்லிசெகண்டுக்கு ஒரு பள்ளம்.

சிக்னல்_செல்வம்:

அப்படியென்றால் சிங்க் செய்துவிடலாமே. இரண்டு பேரும் ஜிபிஎஸ் கடிகாரம்தான். ஆஃப்செட்டை நகர்த்தி உங்கள் அப்லிங்க்கை அவர்கள் பள்ளத்தில் உட்கார வையுங்கள்.

அலைவரிசை_ஆச்சி:

கடிகாரம் ஒன்றாக இருந்தால் போதாது செல்வம், தாளமும் ஒன்றாக இருக்க வேண்டும். 2.5 என்றால் அவர்கள் `DDDSU`, அரை மில்லிசெகண்ட் ஸ்லாட். அவர்கள் முழுதாக வாய் மூடுவது ஒரு ஸ்லாட்டும் அதற்கு முந்தைய எஸ் ஸ்லாட்டின் வால் பகுதியும்தான். குமரனின் அப்லிங்க் ஒரே துண்டாக ஒரு மில்லிசெகண்ட். எப்படி நகர்த்தினாலும் அதன் தலையோ வாலோ அவர்கள் டவுன்லிங்க்கில் மாட்டும், அந்தச் சப்ஃப்ரேம் மொத்தமும் கெடும். அவர்கள் `DDDDDDDSUU` ஓட்டியிருந்தால் 5 மில்லிசெகண்ட் சுற்று, 3 மில்லிசெகண்ட் நகர்த்தினால் கான்ஃபிக் 2 மேல் பொருத்தமாக உட்கார்ந்திருக்கும். அவர்களிடம் கேட்டுப் பார்க்கலாம், ஒரு கிடங்குக்காக ஊர் முழுக்க ஃப்ரேமை மாற்றுவார்கள் என்று எதிர்பார்க்க வேண்டாம்.

3க்கு மிச்சம் இருப்பது இடம்தான். டவர் தெரியாத இடமாகப் பார்த்து இறக்குங்கள். கைப்பிடிச் சுவருக்குக் கீழே, லாரி நிற்கும் கூரைத் தாழ்வாரத்தடியில், முதுகு டவரைப் பார்க்கும்படி.

மாடி_டிஷ்:

நான் முதலில் தவறாகப் புரிந்துகொண்டேன், மன்னிக்கவும். ஆனால் இறக்கி வைப்பது எங்களுக்கும் நல்ல பலன் கொடுத்தது. தகரக் கூரைக்குக் கீழே போனாலே பாதிப் பிரச்சினை தீரும், லாரி மறைக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

கிடங்கு_குமரன்:

இரண்டு வாரம் கழித்து எழுதுகிறேன். 3660–3680 கிடைத்தது. ஃபில்டர் மாட்டியதும் ரேடியோ 4 உச்ச நேரத்திலும் -115, அப்லிங்க் 8 எம்பிபிஎஸ். ஸ்கேனரைத் தூக்கிப் பிடிப்பவர் யாரும் இல்லை.

ரேடியோ 3, சேனல் மாறியதில் -103க்கு வந்தது. பிறகு தாழ்வாரத்தடிக்கு மாற்றினோம், -109. உயரமும் திசையும் மாறியதால் சான்று பெற்ற நிறுவுநரை மறுபடி வரவழைத்து எஸ்ஏஎஸ்ஸில் பதிவைத் திருத்த வேண்டியிருந்தது, அதற்கே நான்கு நாள் போனது. இதே வேலையில் இருப்பவர்கள் அந்த நாட்களையும் கணக்கில் வையுங்கள். அப்லிங்க் இப்போது 5 பக்கம் நிற்கிறது. வேலை ஓடுகிறது, ஆனால் மூன்றாவது லாரி மேடை வரிசையில் மட்டும் மதியம் விட்டுவிட்டு வருகிறது.

டவர்காரருக்கு அளவீடுகளோடு எழுதியிருக்கிறேன், பதில் இல்லை. மிச்சமிருக்கும் அந்த 7 டிபி எதிரே இருக்கும் தகரச் சுவரில் பட்டுத் திரும்பி வருகிறதா என்று சந்தேகம்.

அலைவரிசை_ஆச்சி:

இருக்கலாம். கையில் பிடிக்கும் டைரக்‌ஷனல் ஆன்டெனாவை அனலைசரில் மாட்டி, அந்த மேடையில் நின்று 3670இல் ஒரு சுற்றுச் சுற்றிப் பாருங்கள். சீப்புப் பல் எந்தப் பக்கம் உயரமாக வருகிறது என்று எழுதுங்கள், மதியம் 2 மணிக்கே செய்யுங்கள்.