சொல் தேவை: ‘அன்கப்ளர்’ தடுப்பானா, வேறு ஒன்றா?

திருமங்கலம், தாவரவியல் ஆசிரியை

குழுவினருக்கு வணக்கம். பதினொன்றாம் வகுப்பின் சுவாசித்தல் பாடத்துக்குத் தமிழில் ஒரு வினாத்தொகுப்பு எழுதி வருகிறேன். நீட் எழுதும் பிள்ளைகளும் படிப்பார்கள் என்பதால் பாடநூலைத் தாண்டியும் கொஞ்சம் போகிறேன். ஒரு சொல்லில் வந்து நின்றுவிட்டேன்.

டைநைட்ரோபீனால் போன்ற பொருள்களை அன்கப்ளர் என்கிறார்கள். என் கையில் இருக்கும் தமிழ்க் குறிப்புகளில் சயனைடும் தடுப்பான், ஒலிகோமைசினும் தடுப்பான், இதுவும் தடுப்பான். அப்படியே எழுதினால் கீழே உள்ள கேள்விக்குப் பிள்ளைகளால் விடை காண முடியாது.

“பிரித்தெடுத்த மைட்டோகாண்ட்ரியாவை ஆக்ஸிஜன் அளக்கும் மின்வாய் பொருத்திய சிறு கலத்தில் விட்டு, சக்சினேட், பாஸ்பேட், அடினோசின் டைபாஸ்பேட் மூன்றையும் சேர்க்கிறோம். ஆக்ஸிஜன் வேகமாகக் குறைகிறது. ஒலிகோமைசின் சேர்த்ததும் வேகம் படுத்துவிடுகிறது. அடுத்து டைநைட்ரோபீனால் சேர்க்க, மறுபடியும் வேகம் எடுக்கிறது. கடைசியில் சயனைடு சேர்க்க, அடியோடு நிற்கிறது. ஏன்?”

மூன்றும் தடுப்பான் என்றால் நடுவில் வேகம் எப்படிக் கூடும் என்று ஒரு பையன் கேட்டான். நியாயமான கேள்வி. நல்ல சொல் தாருங்கள்.

சோழவந்தான், ஓய்வுபெற்ற வேதியியல் ஆசிரியர்

டீச்சர், தனிச்சொல் எதற்கு? ஏடிபி உருவாவதை அது நிறுத்துகிறது, நிறுத்துவது தடுப்பான். வேண்டுமானால் ‘ஏடிபி தடுப்பான்’ என்று அடைமொழி கொடுங்கள். சொல்லுக்குச் சொல் வேண்டும் என்றால் ‘பிணைப்பறுப்பான்’ இருக்கிறது. எப்படியும் மூச்சை நிறுத்துகிற நஞ்சுதானே?

நாகமலை புதுக்கோட்டை, உயிர்வேதியியல் பேராசிரியர் (ஓய்வு)

ஐயா சொன்னதில் பாதி சரி. ஏடிபி உருவாவது நிற்கிறது. ஆனால் டைநைட்ரோபீனால் ஏடிபி சிந்தேஸ் நொதியைப் பிடித்து நிறுத்துவதில்லை. மூச்சையும் அது நிறுத்துவதில்லை, கூட்டுகிறது. டீச்சரின் கலத்தையே படிப்படியாகப் பார்ப்போம்.

சக்சினேட்டின் எலக்ட்ரான்கள் இரண்டாம் கூட்டமைப்பு வழியாகச் சங்கிலிக்குள் நுழைந்து, மூன்றையும் நான்கையும் கடந்து ஆக்ஸிஜனைச் சேர்கின்றன. அந்த ஓட்டத்தில் உள்சவ்வுக்கு வெளியே புரோட்டான்கள் தள்ளப்படுகின்றன. அவை திரும்பி உள்ளே வர இருக்கும் பெரிய வாசல் ஏடிபி சிந்தேஸ். அந்த வாசலைத்தான் ஒலிகோமைசின் அடைக்கிறது. எலக்ட்ரான் சங்கிலியில் எந்த இடத்தையும் அது தொடவில்லை, ஆனாலும் ஆக்ஸிஜன் செலவு விழுகிறது. வெளியே புரோட்டான் குவிந்து எதிர் அழுத்தம் ஏறிவிட்டால், சங்கிலியால் மேலும் தள்ள முடியாது என்பதே காரணம்.

இப்போது டைநைட்ரோபீனால். இது ஒரு வலுக்குறைந்த அமிலம். புரோட்டானோடு இருந்தாலும், அதை இழந்த நிலையிலும், கொழுப்புச் சவ்வுக்குள் புகுந்து போகும். வெளிப்பக்கம் புரோட்டானை ஏற்றிக்கொண்டு உள்பக்கம் வந்து இறக்கிவிடும், திரும்பப் போய் இன்னொன்றைக் கொண்டுவரும். சிந்தேஸ் அடைத்தே கிடக்கிறது, ஆனால் எதிர் அழுத்தம் கரைந்துவிட்டது. தள்ளுவதற்குத் தடை இல்லாததால் சங்கிலி முழு வேகத்தில் ஓடுகிறது. பையன் பார்த்த வேகம் இதுதான். சயனைடு நான்காம் கூட்டமைப்பில் ஆக்ஸிஜன் வந்து சேரும் இடத்தையே பிடித்துக்கொள்வதால் அதற்குப் பிறகு எதுவும் நகராது.

‘பிணைப்பறுப்பான்’ எனக்கு ஒப்பவில்லை. வேதியியலில் பிணைப்பு என்றால் அணுக்களுக்கு இடையிலானது. ஏதோ மூலக்கூறு உடைகிறது என்று பிள்ளைகள் நினைத்துக்கொள்வார்கள். இங்கே அறுவது இரண்டு வேலைகளுக்கு இடையிலான தொடர்பு: எலக்ட்ரான் ஓட்டம் ஒன்று, ஏடிபி ஆக்கம் மற்றொன்று. ஆகவே ‘இணைப்பறுப்பான்’ என்பது என் முன்மொழிவு.

உசிலம்பட்டி, பம்ப்செட் மெக்கானிக்

அண்ணே, வணக்கம். என் மகள் இந்தப் பாடம் படிக்கிறாள், அதனால் கவனித்து வாசித்தேன். எங்கள் வேலையில் மோட்டாரையும் பம்பையும் சேர்ப்பது கப்ளிங். அது போய்விட்டால் மோட்டார் சுற்றும், தண்ணீர் வராது. ‘இணைப்புக் கழற்றி’ என்று வைக்கலாம் என்று முதலில் தோன்றியது. ஆனால் ஒன்று இடிக்கிறது. கப்ளிங் கழன்றால் மோட்டார் பாரம் இல்லாமல் சுற்றும், கரண்ட் குறைவாகத்தான் இழுக்கும். நீங்களோ ஆக்ஸிஜன் செலவு கூடுகிறது என்கிறீர்கள்.

அப்படியானால் இது கப்ளிங் கதையல்ல, மேல்நிலைத் தொட்டி கதை. தொட்டி நிறைந்தால் ஆட்டோ ஸ்விட்ச் மோட்டாரை நிறுத்தும். அடியில் ஓட்டை விழுந்துவிட்டால் தொட்டி நிறையவே நிறையாது, மோட்டார் ஓடிக்கொண்டே இருக்கும், கரண்ட் பில் ஏறும், குழாயில் மட்டும் தண்ணீர் வராது. ஓட்டையைச் சொல்கிற சொல்லாக வையுங்கள். ‘கசிவு’ எங்காவது வரட்டும்.

நாகமலை புதுக்கோட்டை, உயிர்வேதியியல் பேராசிரியர்

தம்பி, நான் இத்தனை வரி எழுதிச் சொன்னதை நீங்கள் தொட்டியை வைத்தே சொல்லிவிட்டீர்கள். ‘புரோட்டான் கசிப்பி’ என்ற சொல்லையும் பட்டியலில் சேர்க்கிறேன். இணைப்பறுப்பான் விளைவைச் சொல்கிறது, கசிப்பி காரணத்தைச் சொல்கிறது.

மேலூர், நெல் வியாபாரி

எனக்கு ஒரு சந்தேகம். கிட்டங்கியில் நெல்மூட்டைக்கு வண்டு விழாமல் இருக்க மாத்திரை வைக்கிறோம், அலுமினியம் பாஸ்பைடு. அதுவும் மூச்சைக் கெடுக்கும் நஞ்சு என்று சொல்லியிருக்கிறார்கள். அப்போது அதையும் கசிப்பி என்று எழுதலாமா? மூட்டை அடுக்குகிற ஆட்களுக்குத் தமிழில் ஒரு எச்சரிக்கைப் பலகை எழுத வேண்டும், அதற்காகக் கேட்கிறேன்.

மதுரை, குழந்தை மருத்துவர்

ஐயா, அது கசிப்பி அல்ல. மாத்திரையில் ஈரம் பட்டால் பாஸ்பீன் வாயு வரும். அந்த வாயு சயனைடைப் போலவே நான்காம் கூட்டமைப்பைத் தடுக்கிறது என்று ஆய்வகத்தில் காட்டியிருக்கிறார்கள். மனிதரில் அது மட்டும்தான் செய்கிறது என்று சொல்ல முடியாது, இதயத் தசையை மோசமாகப் பாதிக்கும். அதற்கு மாற்று மருந்தும் இல்லை. பலகையில் கலைச்சொல்லே வேண்டாம். ‘நச்சு வாயு. மூடிய கிட்டங்கிக்குள் நுழையாதே. திறந்து காற்றோட்டம் விட்ட பிறகே நுழை’ என்று பெரிய எழுத்தில் போடுங்கள்.

டீச்சருக்கு ஒன்று. தடுப்பானையும் இணைப்பறுப்பானையும் நோயாளியின் உடலிலேயே பிரித்துப் பார்க்கலாம். சயனைடில் திசுக்கள் ஆக்ஸிஜனை எடுப்பதில்லை, சிரை ரத்தம்கூட நல்ல சிவப்பாகவே திரும்பி வரும். டைநைட்ரோபீனாலில் எரிபொருள் எரிந்துகொண்டே இருக்கும், ஏடிபியாகச் சேமிக்க வேண்டிய ஆற்றலும் வெப்பமாகிவிடும். அதனால் உடல் கொதிக்கும், வியர்வை ஊற்றும். முதல் உலகப்போரின்போது பிரான்சில் வெடிமருந்து ஆலைத் தொழிலாளர்கள் இப்படித்தான் இறந்தார்கள். 1933 வாக்கில் அமெரிக்காவில் இதையே உடல் இளைக்கும் மருந்தாகக் கொடுத்தார்கள். கண்புரையும் சாவுகளும் வந்த பிறகு 1938-இல் நிறுத்தினார்கள். இன்றும் இணையத்தில் இளைக்கும் தூள் என்று விற்கிறவர்கள் உண்டு. தயவுசெய்து வினாத்தொகுப்பில் இதைச் சேருங்கள்.

நான் அதிகம் பார்த்தது இன்னொன்று. வீட்டில் இருந்த ஆஸ்பிரினைக் குழந்தை அளவு மீறி விழுங்கிவிட்டால், காய்ச்சலைத் தணிக்கிற அதே மருந்தால் காய்ச்சல் ஏறும். சாலிசிலேட்டும் இணைப்பைத் துண்டிப்பதுதான் காரணம். தாய்மார் இதை நம்ப மாட்டார்கள்.

அப்புறம், ‘அறுப்பான்’ எனக்கு உறுத்துகிறது. பிறந்த குழந்தையின் பழுப்புக் கொழுப்பில் தெர்மோஜெனின் என்ற புரதம் இதே வேலையைச் செய்து குழந்தையைச் சூடாக வைத்திருக்கிறது. உயிரைக் காக்கிற புரதத்துக்கு அறுப்பான் என்று பெயர் வைக்க மனம் வரவில்லை.

சோழவந்தான், ஓய்வுபெற்ற வேதியியல் ஆசிரியர்

சரி, ஒப்புகிறேன், தடுப்பான் வேண்டாம். ஒரு கணக்கு மட்டும். ஒரு குளுக்கோசுக்கு 38 ஏடிபி என்று நடத்தியிருக்கிறேன். இணைப்பு அறுந்தால் அந்த 38-உம் போய்ச் சுழி ஆகிவிடுமா?

நாகமலை புதுக்கோட்டை, உயிர்வேதியியல் பேராசிரியர்

சுழி ஆகாது. முதலில் 38-ஐச் சரிசெய்துகொள்வோம். ஒரு என்ஏடிஎச் சங்கிலியில் நுழைந்தால் சுமார் 10 புரோட்டான் தள்ளப்படும், சக்சினேட் வழி நுழைந்தால் 6. ஓர் ஏடிபி உருவாகி வெளியே போய்ச்சேர ஏறக்குறைய 4 புரோட்டான் செலவு. ஆகவே முன்னதற்கு 2.5, பின்னதற்கு 1.5. பழைய கணக்கு இவற்றை 3, 2 என்று முழு எண்ணாக்கியதால் 38 வந்தது. இப்போது 30 முதல் 32 என்கிறோம். பாடநூலில் 36, 38 இருந்தால் தேர்வில் பிள்ளைகள் அதையே எழுதட்டும், ஆனால் காரணம் தெரிந்திருக்கட்டும்.

இணைப்பு முழுதும் அறுந்தால் சிட்ரிக் அமிலச் சுழற்சி நிற்காது, வேகமாகவே சுற்றும். சங்கிலி ஓடுவதால் என்ஏடி திரும்பத் திரும்பக் கிடைத்துக்கொண்டிருக்கும். ஓர் அசிட்டைல் கோஎன்சைமுக்கு 10 ஏடிபி கிடைத்த இடத்தில், சுழற்சிக்குள் நேரடியாக உருவாகும் 1 மட்டும் மிஞ்சும். குளுக்கோசுக்கு என்றால் கிளைக்காலிசிஸில் 2, சுழற்சியில் 2, ஆக 4. சயனைடில் அந்த 4-உம் இல்லை. என்ஏடி மீளாமல் சுழற்சியே நின்றுவிடும், லாக்டேட்டில் முடியும் கிளைக்காலிசிஸின் 2 மட்டுமே. இந்த 4-க்கும் 2-க்கும் உள்ள வேறுபாட்டை டீச்சர் ஒரு கேள்வியாக்கலாம். ஒலிகோமைசின் இல்லாத செல்லில் சிந்தேஸ் பின்னோக்கிச் சுற்றி இருக்கிற ஏடிபியையும் உடைக்கும் என்பதால் 4 என்பது காகிதக் கணக்குதான்.

திருமங்கலம், தாவரவியல் ஆசிரியை

அனைவருக்கும் நன்றி. இப்போதைக்கு நஞ்சுகளுக்கு ‘இணைப்பறுப்பான்’, தெர்மோஜெனினுக்கு ‘இணைப்பு நீக்கும் புரதம்’ என்று எழுதிக்கொள்கிறேன். மருத்துவர் சொன்ன உறுத்தல் இதில் கொஞ்சம் தீரும். விடைக்குறிப்பில் மெக்கானிக் அண்ணன் சொன்ன தொட்டியைப் போடுகிறேன். ஆனால் என் மனம் இன்னும் ‘புரோட்டான் கசிப்பி’யின் பக்கமே சாய்கிறது. சொல்லைப் பார்த்த மாத்திரத்தில் காரணம் தெரிகிறது. அதையே எல்லாவற்றுக்கும் வைத்தால் என்ன?

நாகமலை புதுக்கோட்டை, உயிர்வேதியியல் பேராசிரியர்

வாலினோமைசினை என்ன செய்வீர்கள்? அது புரோட்டானைக் கடத்தாது, பொட்டாசியத்தை உள்ளே விடுகிறது. ஆனாலும் சவ்வின் மின்னழுத்தம் சரிந்து ஏடிபி ஆக்கம் விழுகிறது, ஆக்ஸிஜன் செலவு ஏறுகிறது. சில நூல்கள் அதையும் இந்த வகையில் சேர்க்கின்றன, சில அயனிக்கடத்தி என்று தள்ளி வைக்கின்றன. ‘கசிப்பி’ என்று மட்டும் சொன்னால் உள்ளே வரும், ‘புரோட்டான்’ சேர்த்தால் வெளியே போகும். எந்தப் பக்கம் வைப்பது என்று மருத்துவரும் சோழவந்தான் ஐயாவும் சொல்லட்டும்.