புதுப்பிப்பு: பூச்சு வேலை அளவு, எம்-புக்குக்கும் ரன்னிங் பில்லுக்கும் 37.8 ச.மீ. வித்தியாசம்

அன்று நான் கேட்டது: "வேலை நடக்க நடக்கக் கான்ட்ராக்டர் கொடுக்கும் ரன்னிங் பில்களில் மூன்றாவதில், உட்புறப் பூச்சு இதுவரை மொத்தம் 412 ச.மீ. என்று போட்டிருக்கிறார். என் அளவுப் புத்தகமான எம்-புக்கில் 374.2 தான். யார் கணக்கு தப்பு?"

இரண்டு பேருமே தப்பு. கான்ட்ராக்டர் கதவுத் திறப்பு எதையும் கழிக்கவில்லை. நான் 9 கதவுகளையும் சுவரின் இரு பக்கமும் கழித்துவிட்டேன். "திறப்பு என்றாலே முழுசாகக் கழிக்கணும்" என்று ஒரு நண்பர் சொன்னதை நம்பியது என் பிழை.

ஓய்வுபெற்ற பொறியாளர் ஒருவர்தான் கட்டட வேலை அளவெடுப்புக்கான இந்தியத் தரநிலையான ஐ.எஸ். 1200-ஐப் பார்க்கச் சொன்னார். இரு பக்கமும் ஒரே பூச்சு என்றால், 0.5 முதல் 3 ச.மீ. வரையான திறப்புக்கு ஒரு பக்கம் மட்டும் கழிவு. திறப்பின் பக்கவாட்டுப் பூச்சைத் தனியாகக் கூட்டக் கூடாது. கதவு 1 × 2.1, அதாவது 2.1 ச.மீ. ஒன்பதுக்கு 18.9. 412-இல் அதைக் கழித்தால் 393.1.

எம்-புக்கில் பழைய எண்ணை அழிக்கவில்லை. ஒற்றைக் கோடு போட்டு, மேலே சரியானதை எழுதி, தேதியுடன் சுருக்கொப்பம் வைத்தேன். இரண்டாவது பில் வரை கொடுத்த 240 போக, இந்த முறை 153.1-க்குத்தான் பணம்.



அப்புறம், அந்த 240-இல் கதவுகளை எப்படிக் கழித்தார்கள்? முந்தைய மேற்பார்வையாளர் எந்தச் சுவர் என்றே எழுதவில்லை. திங்களன்று கான்ட்ராக்டரையும் வைத்துக்கொண்டு மறுபடி அளக்கப் போகிறேன்.