புதுப்பிப்பு: அப்பத்தாவின் கண் பிரஷர், கடைசியில் எது கேட்டது

பழைய கேள்வி: "அப்பத்தாவுக்கு விழித்திரை ரத்தக்குழாய் அடைச்சு மூணு மாசம். இப்ப கண் செவந்து, தலையப் பொளக்குற வலி. பிரஷர் 52. ஊசியா, லேசரா, ஆபரேஷனா?"

பதில் சொன்ன எல்லாருக்கும் நன்றி. காரைக்குடியில் பார்த்துவிட்டு மதுரைக்குப் போனோம். கண் மருத்துவமனையில் வேலை பார்க்கும் அக்கா சொன்ன வரிசைதான் நடந்தது. கருவிழி புகை மூடியதுபோல் இருந்ததால் உடனே லேசர் வைக்க முடியவில்லை. பிரஷரை இறக்க மானிட்டால் மருந்து ஏற்றி, சொட்டு மருந்து விட்டு, பிறகு புதிதாக முளைத்த ரத்தக்குழாய்களைச் சுருக்க கண்ணுக்குள் அவாஸ்டின் ஊசி. சில நாளில் கருவிழிப் படலத்தில் ஓடிய சிவப்பு இழைகள் மறைந்தன, வலியும் குறைந்தது.

"ஊசியே போதும்" என்ற தேவகோட்டை அண்ணன் சொன்னது பாதி சரி. அதன் வேகம் சில வாரம்தான். ரத்தம் கிடைக்காத விழித்திரை மறுபடி புதுக்குழாய்களைத் தூண்டும். அதற்குள் லேசரைப் பல தவணையாக முடித்தார்கள்.

எதிர்பாராதது: குழாய் சுருங்கியும் பிரஷர் மறுபடி 34க்கு ஏறியது. நீர் வடியும் கோணம் ஏற்கெனவே ஒட்டிப்போயிருந்ததாம். நீரை வெளியே வடிக்க ஆபரேஷனில் வால்வு வைத்தபின் 16, ஒரு சொட்டு மருந்தோடு. பார்வை கையசைவு மட்டும்தான், திரும்பவில்லை. வால்வு எத்தனை வருஷம் தாங்கும் என்று டாக்டர் உறுதி சொல்லவில்லை.