பொருள்: வில்லையில் எண்ணெய் பட்டதால் செல்ஃபியில் படரும் வெளுப்புக்கு ஒரு சொல்

வெள்ளவத்தையிலிருந்து, மொழிபெயர்ப்பாளர்

குழுமத்தார் அனைவருக்கும் வணக்கம்.

படத்தொகுப்பு மென்பொருள் ஒன்றின் பட்டியல்களைத் தமிழாக்கி வருகிறேன். ஒரு கருவிக்கு மட்டும் பொருத்தமான சொல் இன்னும் அகப்படவில்லை. கைத்தொலைபேசியின் முன்வில்லையில் விரல் எண்ணெய் படிந்திருப்பது தெரியாமல் செல்ஃபி எடுத்தால், படம் முழுவதும் பால் தெளித்தாற்போல் ஒரு வெளுப்புப் பரவி நிற்கும் அல்லவா? அதை நீக்குவதுதான் அந்தக் கருவியின் வேலை.

என் முன்னால் இருக்கும் படம் காலிமுகத்திடலில் ஒரு மாலைப்பொழுதில் என் தங்கை எடுத்தது. இறால் வடை சாப்பிட்ட கையாலேயே தொலைபேசியைப் பிடித்திருக்கிறாள். அவளுடைய கறுப்புச் சட்டை சாம்பல் நிறமாகிவிட்டது. பின்னால் நிற்கும் வண்டிகளின் விளக்குகள் ஒவ்வொன்றும் பஞ்சுருண்டை போல் ஊதியிருக்கின்றன. ஆனால் அவளுடைய இமைமயிர்களை ஒவ்வொன்றாக எண்ணலாம், அவ்வளவு கூர்மை. ஆகவே ‘மங்கல்’ என்ற சொல் பொருந்தாது. குவியம் தவறிய படத்துக்கு அச்சொல்லை ஏற்கனவே கொடுத்துவிட்டோம். ‘பிசுக்கொளி’ என்று நான் குறித்து வைத்திருக்கிறேன். உங்கள் கருத்தை அறிய விரும்புகிறேன்.

தெஹிவளையிலிருந்து, திருமணப் படப்பிடிப்பாளர்

வணக்கம். இதற்குப் புதுச்சொல் எதற்கு என்று எனக்கு விளங்கவில்லை. ‘மூட்டநீக்கம்’ என்று ஒரு கருவிக்கு இக்குழுமத்திலேயே பெயர் வைத்திருக்கிறோம். நுவரெலியாவில் எடுக்கும் படங்களில் மலைமேல் இருக்கும் வெண்மையை அதனால்தான் நான் எடுக்கிறேன். வில்லை அழுக்கான படத்திலும் அதே கருவியை இழுத்தால் கறுப்பு திரும்பி வருகிறது. முகம் சற்றுச் சிவந்து கருகியதுபோல் ஆகும் என்பது உண்மைதான், அதைத் தனியாகச் சரிசெய்துகொள்ளலாம். ஒரே வேலைக்கு இரண்டு பெயர் இருந்தால் பயனர்தான் குழம்புவார்.

கொட்டாஞ்சேனையிலிருந்து, ஓய்வுபெற்ற பௌதிகவியல் ஆசிரியர்

அன்புடையீர்,

படப்பிடிப்பாளர் சொன்ன அந்தச் ‘சிவந்து கருகிய’ முகமே இவை இரண்டும் ஒரே வேலை அல்ல என்பதற்குச் சான்று. மலைமூட்டம் தூரத்தைப் பொறுத்தது. அருகிலுள்ள மரத்தின்மேல் குறைவாகவும் தொலைவிலுள்ள சிகரத்தின்மேல் மிகுதியாகவும் இருக்கும். மூட்டநீக்கக் கருவி அந்தக் கணக்கை வைத்துக்கொண்டே வேலை செய்கிறது. வில்லையில் படிந்த எண்ணெய்க்குத் தூரம் என்பதே தெரியாது. உள்ளே வரும் ஒளியில் பெரும்பகுதியை அது நேராக விட்டுவிடுகிறது, அதனால்தான் இமைமயிர் கூர்மையாக இருக்கிறது. எஞ்சிய சிறுபகுதியைச் சுற்றுப்புறமெங்கும் சிதறடிக்கிறது. எந்த இடத்தில் வெளிச்சம் மிகுதியோ அந்த இடத்தைச் சுற்றி வெளுப்பும் மிகுதி. செல்ஃபியில் முகம் அருகில் இருப்பதால் மூட்டநீக்கக் கருவி அதைத் தொடாமல் விட வேண்டும். ஆனால் வெளுத்த முகத்தைத் தொலைவிலுள்ள பொருளாக எண்ணி அது மிகையாகக் கழித்துவிடுகிறது.

சரியான வழி, படத்தின் மிகப் பரந்து மங்கலாக்கிய நகலை எடுத்து, அதில் சிதறிய பங்கு எவ்வளவோ அவ்வளவை மூலப்படத்திலிருந்து கழித்து, மீதியைப் பழைய அளவுக்கு உயர்த்துவது. கோப்பிலுள்ள எண்களை அப்படியே கழித்தல் கூடாது. அவை கண்ணுக்கேற்ப வளைத்துப் பதிந்த எண்கள். ஒளி ஒன்றோடொன்று கூடுவது நேர்கோட்டு அளவில்தான் நிகழ்கிறது, எனவே முதலில் அந்த அளவுக்கு மாற்றிக்கொள்ள வேண்டும்.

தங்கையின் படத்தை இவ்வாறு கணக்கிட்டுப் பார்த்தேன். 0 முதல் 255 வரை போகும் ஒளி அளவில், சட்டையின் மடிப்பில் இருக்கும் எண் 88. துடைத்த வில்லையால் அதே இடத்தில் எடுத்த படத்தில் அது 30 என்று மொழிபெயர்ப்பாளர் எனக்குத் தனியே எழுதியிருந்தார். நேர்கோட்டு அளவில் இவை 0.098, 0.013. மங்கலாக்கிய நகலில் அந்த இடத்தின் அளவு 0.35. இவற்றிலிருந்து சிதறிய பங்கு ஏறக்குறைய கால்வாசி என்று கிடைக்கிறது. அதைக் கொண்டு எழுதினால், `I` என்பது 0 முதல் 1 வரையான நேர்கோட்டு அளவுக்கு மாற்றிய படமும், `B` மங்கலாக்கிய நகலும், `J` விடையும் ஆயின், வேலை இரண்டே வரிதான்:

```
B = cv2.GaussianBlur(I, (0, 0), 150)
J = np.clip((I - 0.25 * B) / 0.75, 0, 1)
```

விடையைப் பழைய வளைந்த அளவுக்கே திரும்ப மாற்றினால், கன்னத்தில் 200 ஆக இருந்த எண் 206 ஆகிறது. சட்டை 88 இலிருந்து 30 அளவுக்கு இறங்குகிறது. முகம் அசையாமல் கறுப்பு மட்டும் திரும்புவதைக் கவனியுங்கள். இந்த வேலைக்கு ‘மூட்டம்’ என்ற சொல்லை வைத்தால் பயனர் தவறான கருவியைத்தான் திறப்பார்.

விளக்குகளைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். அவற்றின் உண்மையான ஒளி 255 ஐயும் தாண்டி வெட்டுப்பட்டுவிட்டதால், நகலில் அந்த ஒளி குறைவாகவே பதிகிறது. ஆகவே அவற்றைச் சுற்றிய வளையத்தை இந்தக் கழித்தல் முழுமையாக எடுக்காது. நிலாவைச் சுற்றித் தோன்றும் வளையத்துக்கு ‘ஊர்கோள்’ என்று பழைய சொல் ஒன்று உண்டு. எஞ்சும் வளையத்துக்கு அதை எடுத்துக்கொள்ளலாமே என்று தோன்றுகிறது.

பம்பலப்பிட்டியிலிருந்து, நூலகர்

வணக்கம் ஐயா. வில்லையைத் துடைப்பது பற்றிய பேச்சு என்பதால் என் பிரச்சினையையும் எழுதுகிறேன். நான் சேலைத் தலைப்பால் எத்தனை முறை துடைத்தாலும் செல்ஃபி வெளுத்தே வருகிறது, பின்பக்கக் கமரா தெளிவாக இருக்கிறது. புதிய தொலைபேசி வாங்க வேண்டுமா?

கொட்டாஞ்சேனையிலிருந்து, ஓய்வுபெற்ற பௌதிகவியல் ஆசிரியர்

அம்மா, வாங்க வேண்டாம். திரைக்கு மேல் ஒட்டியிருக்கும் பாதுகாப்புக் கண்ணாடி முன்கமராவையும் மூடியிருக்கிறதா என்று பாருங்கள். மூடியிருந்தால் தூசியோ எண்ணெயோ இரண்டுக்கும் நடுவில் அகப்பட்டிருக்கலாம். மேலே துடைத்து அது போகாது, கண்ணாடியைக் கழற்றி ஒரு படம் எடுத்துப் பார்த்தால் தெரிந்துவிடும். சேலையால் துடைப்பதிலும் ஒரு கெடுதல் உண்டு. எண்ணெய் போகாமல் மெல்லிய கோடுகளாக இழுபட்டு, விளக்குகளிலிருந்து அக்கோடுகளுக்குச் செங்குத்தாக நீண்ட ஒளிக்கீற்றுகள் எழும். அத்தகைய கீற்று மேற்சொன்ன இரண்டு வரிகளுக்கும் அடங்காது. அவை வெளுப்பு எல்லாப் பக்கமும் ஒரே அளவில் பரவியதாகக் கொள்கின்றன.

வெள்ளவத்தையிலிருந்து, மொழிபெயர்ப்பாளர்

ஐயாவுக்கு நன்றி. நூலகர் அம்மாவின் கேள்வி என் சொல்லையே அசைத்துவிட்டது. அவருடைய படத்தில் வெளுப்புக்குக் காரணம் வெறும் தூசியாகவும் இருக்கலாம். குளிரூட்டிய அறையிலிருந்து கொழும்பு வெயிலுக்கு வந்தவுடன் வில்லையில் படியும் நீராவியும் இதையே செய்கிறது. ஆகவே ‘பிசுக்கொளி’ ஒரு காரணத்தை மட்டுமே சொல்கிறது. நிகழ்வையே சொல்லும் ‘படரொளி’ நலம் என்று இப்போது நினைக்கிறேன். படர்கின்ற ஒளி, படர்ந்த ஒளி என்று வினைத்தொகையாக விரியும். பட்டியலில் ‘படரொளி நீக்கு’ என்று குறுகியும் நிற்கும்.

தெஹிவளையிலிருந்து, திருமணப் படப்பிடிப்பாளர்

ஆசிரியர் ஐயாவின் கணக்கை மணப்பெண் ஒருவரின் படத்தில் செய்து பார்த்தேன். முகத்தின் நிறம் மாறவில்லை. மூட்டநீக்கம் வேறு என்பதை ஒப்புக்கொள்கிறேன். நிழல்களில் மட்டும் புள்ளி புள்ளியாக இரைச்சல் எழுந்தது.

ஆனால் ‘படரொளி’யில் எனக்குத் தயக்கம் இருக்கிறது. விளக்கின் முன் வெள்ளைத் துணி கட்டி மென்மையாக்கும் ஒளியை நாங்கள் தொழிலில் ‘பரவொளி’ என்கிறோம். இரண்டும் காதுக்கு மிக நெருக்கம். மேலும், வடிகட்டிக் கண்ணாடியில் வஸலின் தடவி இந்த வெளுப்பை வேண்டுமென்றே வரவழைக்கும் பழக்கமும் எங்களிடம் உண்டு. அங்கே இது குறையன்று, விரும்பிப் பெறும் மென்மை. குறைக்கும் விரும்பியதற்கும் ஒரே சொல் போதுமா என்பதைக் குழுமத்தார் சொல்ல வேண்டும்.

வெள்ளவத்தையிலிருந்து, மொழிபெயர்ப்பாளர்

இரண்டுக்கும் ஒளி படர்வதுதான் அடிப்படை என்பதால் ஒரே சொல் போதும் என்பது என் எண்ணம். நீக்குவதா வேண்டுவதா என்பதை வினைச்சொல் காட்டும். ‘பரவொளி’யோடு குழப்பம் வரும் என்பதற்கு என்னிடம் இன்னும் விடை இல்லை. இப்போதைக்குப் ‘படரொளி நீக்கு’ என்று பதிந்து, மீளாய்வுக் குறியையும் இட்டிருக்கிறேன். விளக்கைச் சுற்றி எஞ்சும் வளையத்துக்கு ‘ஊர்கோள்’ என்பதில் மறுப்பு உள்ளவர்கள் எழுதுங்கள்.